ராஃப்டைத் தள்ளினால் மட்டும் விரியாது: கப்பலை விட்டு இறங்கும் முதல் சில மணி நேரம்

அக்கா மகன் முதல் கப்பலில் சேரப் போகிறான். ஜனவரி மாதம், ரோட்டர்டாம் போகும் சரக்குக் கப்பல். பயிற்சியெல்லாம் முடித்துச் சான்றிதழும் வாங்கிவிட்டான். பட்டர்வொர்த்தில் தே தாரேக் குடித்துக்கொண்டிருந்தபோது சும்மா கேட்டேன்: "லைஃப்ராஃப்டைக் கடலில் தள்ளிவிட்டாய், அப்புறம் என்ன நடக்கும்?"

"அதுவே விரிஞ்சிடும் மாமா."

விரியாது. வாயு நிரம்பினால்தான் விரியும் உயிர்காப்பு மிதவை அது. அவன் பதிலைக் கேட்டதும்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இருபது வருடமாகக் கப்பலில் இருக்கிறேன். புதுப் பையன்கள் பலரும் இதே பதிலைத்தான் சொல்கிறார்கள். நீச்சல்குளத்தில் ஏற்கெனவே விரித்து வைத்த ராஃப்டில் ஏறிப் பழகியவர்களுக்கு வேறு பதில் எப்படித் தெரியும்?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். லைஃப்போட் இருந்து, அதை இறக்கவும் முடிந்தால் அதில்தான் போக வேண்டும். ராஃப்ட் அடுத்த வழி. இரண்டிலும் நனையாமல் ஏற முடிந்தால் தண்ணீர்ப் பக்கமே போகாதீர்கள். கேப்டன் வாயால் உத்தரவு வரும்வரை கப்பலை விட்டு இறங்கவும் கூடாது. மிதக்கிற கப்பல் எந்த ராஃப்டையும்விட நல்ல இடம்.

கயிறுதான் எல்லாம்

தளத்தின் ஓரத்தில் வெள்ளை நிறத்தில் பீப்பாய் மாதிரி கிடக்குமே, அதற்குள்தான் ராஃப்ட் மடிந்து கிடக்கிறது. கூடவே வாயு உருளை ஒன்றும் இருக்கும். பீப்பாயிலிருந்து வெளியே வரும் கயிற்றுக்குப் பெயிண்டர் என்று பெயர். இந்தக் கயிறு இரண்டு வேலை செய்கிறது. ராஃப்ட் மிதந்து போய்விடாமல் கப்பலோடு பிடித்து வைக்கும். முழு நீளமும் வெளியே வந்தபின் வெடுக்கென்று இழுத்தால் உருளையைத் திறந்துவிடும்.

ஆகவே வரிசை இது. முதலில் பெயிண்டரின் முனை கப்பலில் உறுதியான ஓர் இடத்தில் கட்டப்பட்டிருக்கிறதா என்று கையால் இழுத்துப் பாருங்கள். கண்ணால் பார்த்தால் போதாது. அப்புறம் பீப்பாயைப் பிடித்திருக்கும் பட்டையின் கொக்கியைத் தட்டிவிடுங்கள். கீழே எட்டிப் பார்த்து ஆளோ மரக்கட்டையோ இல்லை என்று உறுதி செய்யுங்கள். பிறகு இரண்டு மூன்று பேர் சேர்ந்து பீப்பாயைத் தள்ளுங்கள். பெரிய ராஃப்ட் 185 கிலோ வரை இருக்கும், தனி ஆளாக வீரம் காட்ட வேண்டாம்.

இப்போதுதான் புதியவர்கள் தடுமாறும் இடம் வருகிறது. பீப்பாய் தண்ணீரில் மிதக்கும், ஒன்றுமே நடக்காது. கயிற்றை இழுப்பீர்கள், வரும். இன்னும் இழுப்பீர்கள், இன்னும் வரும். பெயிண்டரின் நீளம், ராஃப்ட் இருக்கும் இடத்திலிருந்து நீர்மட்டம் வரையுள்ள உயரத்தோடு இன்னொரு 10 மீட்டர் சேர்த்தாவது இருக்க வேண்டும் என்பது விதி. எப்படியும் 15 மீட்டருக்குக் குறையாது. தளம் 12 மீட்டர் உயரத்தில் இருந்தால் கயிறு குறைந்தது 22 மீட்டர். பாதியில் "இது கெட்டுப்போச்சு" என்று விட்டுவிட்டு அடுத்த ராஃப்டுக்கு ஓடுபவர்கள் உண்டு. விடாமல் இழுங்கள். கயிறு கெட்டியாகி நிற்கும் இடம் வரும். அங்கேதான் வெடுக்கென்று இழுக்க வேண்டும்.

பீப்பாய் பிளந்து, ஒரு நிமிடத்துக்குள் கூடாரத்தோடு ராஃப்ட் எழுந்து நிற்கும். கடுங்குளிரில் மூன்று நிமிடம்கூட ஆகலாம். விரிந்தபின் உஸ்ஸென்று சத்தம் வரும். ஓட்டை என்று பயப்படாதீர்கள், மிகுதி வாயு வால்வு வழியாக வெளியேறுகிறது.

ஆளே தொடாமல் விரியும் வழியும் ஒன்று உண்டு. மருமகன் மனதில் அதுதான் இருந்திருக்க வேண்டும். கப்பல் மூழ்கி, ராஃப்ட் ஏறத்தாழ 1.5 முதல் 4 மீட்டர் ஆழம் போனதும், ஹைட்ரோஸ்டாட்டிக் ரிலீஸ் என்ற சின்ன சாதனம் நீரழுத்தத்தில் பட்டையை விடுவித்துவிடும். பீப்பாய் மேலே மிதந்து வரும், மூழ்கும் கப்பல் கயிற்றை இழுக்க ராஃப்ட் விரியும், அதன்பின் வீக் லிங்க் என்கிற மெல்லிய இணைப்பு அறுந்து ராஃப்டைக் கப்பலிடமிருந்து பிரித்துவிடும். பெயிண்டர் அந்த வீக் லிங்க் வழியாகக் கட்டப்பட்டிருந்தால்தான் இது நடக்கும். யாரோ ஒருவர் 'உறுதியாக இருக்கட்டும்' என்று அதை நேரே தளத்து இரும்பில் மாட்டிவிட்டால், விரிந்த ராஃப்டையும் கப்பல் கூடவே அடியில் இழுத்துக்கொண்டு போகும். நான் வேலை செய்த ஒரு கப்பலில் நாலு ராஃப்டில் ஒன்று இப்படித்தான் மாட்டியிருந்தது, அதுவும் சர்வீஸ் முடித்து வந்த மறுநாள். கப்பலில் சேர்ந்த முதல் நாளே போய்ப் பாருங்கள். கையால் தள்ளும்போது கதை வேறு: வீக் லிங்கை நம்பாமல், கயிற்றை இரும்புத் தூணில் ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டிவிட்டுத் தள்ளுங்கள்.

தண்ணீருக்குள் முதல் ஒரு நிமிடம்

பினாங்குக் கடல் 28, 30 டிகிரி. பத்து ஃபெரிங்கியில் பிறந்து வளர்ந்தவனுக்குக் கடல் என்றால் வெதுவெதுப்புதான். வடகடல் ஜனவரியில் 6 டிகிரி அளவில் இருக்கும். அதில் விழுந்தவன் சில நிமிடங்களில் விறைத்துச் செத்துவிடுவான் என்று பலர் நினைக்கிறார்கள். உடம்பின் உள்வெப்பம் அவ்வளவு சீக்கிரம் இறங்குவதில்லை. ஆளைக் கொல்வது அதற்கு முன்னாலேயே வருகிறது.

தோலில் குளிர் பட்டதும் நாம் கேட்காமலேயே நெஞ்சு ஒரு பெரிய மூச்சை உள்ளே இழுக்கும். அந்த நொடியில் வாய் தண்ணீருக்குள் இருந்தால் இழுப்பது தண்ணீரை. அடுத்து மூச்சிரைப்பு, நாய்க்கு இரைப்பது போல, அடக்கவே முடியாது. இதயமும் எகிறும். கரையில் ஒரு நிமிடம் மூச்சடக்குபவனால் அங்கே பத்து நொடிகூட முடியாமல் போகலாம். முதல் அரை நிமிடத்தில் உச்சத்தைத் தொட்டு, இரண்டு மூன்று நிமிடத்தில் இது தானாகத் தணிந்துவிடும். அதுவரை செய்ய வேண்டியது ஒன்றுதான்: நீந்தாமல் மல்லாந்து மிதப்பது. லைஃப் ஜாக்கெட் வாயை மேலே வைத்திருக்கட்டும். மூச்சு உங்கள் பேச்சைக் கேட்கத் தொடங்கியபின் ராஃப்டைத் தேடுங்கள்.

இதனால்தான் ஏணி இருந்தால் ஏணி, இல்லாவிட்டால் மட்டும் குதிப்பது. குதித்தே ஆக வேண்டும் என்றால் உயரம் 4.5 மீட்டருக்குள் வரும் இடத்தைத் தேடுங்கள். ஒரு கையால் மூக்கையும் வாயையும் பொத்துங்கள். மறு கையை மார்பின் குறுக்கே போட்டு ஜாக்கெட்டைக் கீழே அழுத்திப் பிடியுங்கள். இல்லையென்றால் தண்ணீர் அதை மேலே தள்ளி தாடையில் மோத வைக்கும். நேரே பார்த்தபடி ஓர் அடி எடுத்து வைத்து, கால்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். குளிர்நீர் புகாமல் உடம்பை மூடும் இம்மர்ஷன் சூட் இருந்தால் போட்டுக்கொண்டு இறங்குங்கள். அந்த ஒன்றே இந்தப் பகுதியில் சொன்ன பாதியைத் தேவையில்லாமல் ஆக்கிவிடும்.

விரல் வேலை செய்யும் பத்து நிமிடம்

கனடாவைச் சேர்ந்த கோர்டன் கீஸ்பிரெக்ட் என்ற ஆய்வாளர் இதை 1-10-1 என்று சுருக்கிச் சொல்வார். பனிக்கட்டி அளவுக் குளிர்நீரில் மூச்சை அடக்க 1 நிமிடம், கைகால் உருப்படியாக இயங்க 10 நிமிடம், உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணி நேரம்.

அந்தப் பத்து நிமிடத்தை மருமகனுக்குப் புரியவைக்கப் பத்து மாவுங் மீன் சந்தைக்குக் கூட்டிப்போனேன். தெரிந்த வியாபாரியின் கெம்போங் மீன் பெட்டி, பாதி ஐஸ், பாதி தண்ணீர். "கையை உள்ளே வை." இரண்டு நிமிடத்தில் முகம் கோணியது. மூன்றாவது நிமிடம் எடுக்கச் சொல்லி லைஃப் ஜாக்கெட்டின் கொக்கியைக் கொடுத்தேன். விரல் கொக்கியைத் தொடுகிறது, ஆனால் தொடுவது அவனுக்குத் தெரியவில்லை. கொக்கி இரண்டு தடவை நழுவி மீன் மேலேயே விழுந்தது. வியாபாரி சிரித்தார், அவன் சிரிக்கவில்லை. (இதய நோய் உள்ளவர்கள் இந்த விளையாட்டுக்கு வர வேண்டாம்.)

ஆகவே விரல் வேலை எல்லாம் முன்கூட்டியே முடிய வேண்டும். கொக்கி, ஜிப், விளக்கு, எல்லாம் தளத்திலேயே. தண்ணீரில் இருக்கும் பத்து நிமிடம் ராஃப்டில் ஏற மட்டும். பெயிண்டரைப் பிடித்தபடியே போனால் ராஃப்டில்தான் போய் முட்டுவீர்கள்.

போய்ப் பார்த்தால் ராஃப்ட் கவிழ்ந்து கிடக்கலாம். வாயு உருளை இருக்கும் பக்கத்தைக் கண்டுபிடித்து, அது காற்று போகும் திசையில் வரும்படி திருப்புங்கள். உருளையின் மேல் ஏறி நின்று, காற்றைப் பார்த்தபடி அடிப்பக்கத்துப் பட்டையைப் பிடித்துப் பின்னால் சாயுங்கள். எதிர்ப்பக்கம் எழும்பியதும் காற்று அடியில் புகுந்து மீதியைச் செய்துவிடும். ராஃப்ட் உங்கள் மேல்தான் விழும். அடித்தளம் மெத்தென்றுதான் இருக்கும், கையால் மேலே தள்ளி மல்லாந்தபடி வெளியே வாருங்கள்.

உள்ளே ஏறிவிட்டால் முடிந்ததா?

1994 செப்டம்பர் 28 அன்று பால்டிக் கடலில் எஸ்டோனியா என்ற பயணிகள் கப்பல் மூழ்கியது. அதில் இருந்த 989 பேரில் 137 பேர்தான் பிழைத்தார்கள். ராஃப்ட் வரை வந்து சேர்ந்தவர்களில் சிலர் அதற்குள்ளேயே குளிரில் இறந்துபோனார்கள். நனைந்த உடை, உள்ளே தேங்கிய தண்ணீர், வீசும் காற்று. ராஃப்டுக்குள் போனபின் இந்த மூன்றையும் விரட்டுவதுதான் வேலை.

எல்லோரும் ஏறியபின் வாசல் பக்கத்தில் மாட்டியிருக்கும் கத்தியால் பெயிண்டரை அறுத்து, துடுப்புப் போட்டுக் கப்பலை விட்டு விலகுங்கள். பிறகு ஸீ ஆங்கரை நீரில் விடுங்கள். அது துணியால் ஆன பை, ராஃப்ட் சுழன்று கவிழாமல் பிடித்து வைக்கும், கப்பல் மூழ்கிய இடத்தைவிட்டு ரொம்ப தூரம் அடித்துப் போகாமலும் காக்கும். வாசலைக் காற்றுக்குச் சின்ன இடைவெளி விட்டு மூடுங்கள். அடித்தளத்தைத் துருத்தியால் ஊதுங்கள், குளிர்ந்த கடலுக்கும் உங்களுக்கும் நடுவே அந்தக் காற்று அடுக்குதான் இருக்கிறது. தண்ணீரை இறைத்து, மீதியைப் பஞ்சால் ஒற்றுங்கள். உடையைப் பிழிந்து மறுபடி போட்டுக்கொண்டு ஒட்டி உட்காருங்கள்.

குமட்டாதவர் உட்பட எல்லோரும் உடனே வாந்தி மாத்திரை போட வேண்டும். ராஃப்டுக்குள் ஒருவர் வாந்தி எடுத்தால் பக்கத்தில் இருப்பவரும் எடுப்பார், போவது உடம்பின் நீரும் சூடும். குடிதண்ணீர் முதல் 24 மணி நேரம் காயம்பட்டவர்களுக்கு மட்டும்.

மீட்புக் கப்பல் வந்ததும் எல்லோரும் எழுந்து நிற்கப் பார்ப்பார்கள். நீண்ட நேரம் குளிரில் கிடந்தவரை நிமிர்த்தித் தூக்கினால் இரத்த அழுத்தம் விழுந்து, காப்பாற்றும் கைகளிலேயே மயங்கிச் சரியலாம். ஸ்ட்ரெச்சரோ கூடையோ இறக்கினால் படுத்தபடியே போகட்டும். தன்னால் ஏணியில் ஏற முடியும் என்று அவர் அடம் பிடித்தாலும் சரி.