ஐந்து நிமிடத்தில் அடங்காத எண்ணூர்

திருவொற்றியூரில் எண்ணூர் முகத்துவாரம் பற்றிய கலந்துரையாடல். நால்வரில் நான் மூன்றாவது. தொடக்க உரைக்கு ஐந்து நிமிடம். எழுதியதைச் சத்தமாகப் படித்தால் எட்டு நிமிடத்தைத் தொட்டது. ஐந்து நிமிடத்துக்கு அறுநூறு சொல் என்பதெல்லாம் ஆங்கிலக் கணக்கு. ஒட்டி ஒட்டி நீளும் தமிழுக்கு நானூறே தாராளம். வேகமாகப் படித்தால் மூச்சு வாங்கியது. அலங்காரச் சொற்களை வெட்டியும் பெரிதாகக் குறையவில்லை.

நேரத்தைத் தின்றதில் எண்களுக்கும் பங்குண்டு. தாளில் 2023 நான்கே இலக்கம். வாயில் ‘இரண்டாயிரத்து இருபத்து மூன்று’. அதை ‘மிக்ஜாம் புயலின்போது’ என்று மாற்றினேன். வடசென்னையில் அதற்கு விளக்கம் வேண்டாம்.

சரி, பெரிய வெட்டு விழுந்தது ஒரு போன் காலில். முன்னால் பேசும் இருவர் எதைத் தொடுகிறார்கள் என்று ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டேன். ஒருவர் சாம்பல் கழிவு, இன்னொருவர் வெள்ளம். கொசஸ்தலையாற்று முன்கதையும் சாம்பல் பத்திகளும் அப்படியே போயின. மிஞ்சியது அந்தப் புயலின்போது கசிந்த எண்ணெய் படிந்த மீனவர் வலை, அதற்கான இழப்பீட்டைக் கணக்கிடும் முறை, முடிவில் வெள்ளம் பற்றிப் பேசியவரிடம் ஒரு கேள்வி.

இப்போது நாலே கால் நிமிடம். மீதி, வணக்கம் சொல்லி மைக்கைச் சரிசெய்யவே போய்விடும்.