கர்ப்பத்தை வாரத்தில் எண்ணுங்கள்: முதல் ஸ்கேன் முதல் ஆஸ்பத்திரிப் பை வரை

குழந்தையின் கழுத்துக்குப் பின்னால் உள்ள நீரை அளக்கும் என்.டி. ஸ்கேனுக்கு டோக்கன் வாங்கி இரண்டரை மணி நேரம் காத்திருந்து உள்ளே போனால், ஸ்கேன் டாக்டர் ஒரு நிமிடம் அளந்து பார்த்துவிட்டு, "குழந்தை 33 மில்லிமீட்டர்தான்மா இருக்கு, 45 ஆகணும், ரெண்டு வாரம் கழிச்சு வாங்க" என்று அனுப்பிவிட்டார். நான் நாள் எண்ணியதில் தவறில்லை, ஆனால் எண்ண ஆரம்பித்த தேதி தவறு. கடைசி மாதத்திலும் அதே தேதிதான் என்னைச் சுற்ற வைத்தது. அதனால் இந்தப் பதிவில் தேதி விஷயத்தைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன். இது சிக்கலில்லாத ஒற்றைக் குழந்தைக் கர்ப்பத்துக்கான திட்டம். இரட்டைக் குழந்தை, ஏற்கனவே பிபி, சர்க்கரை, தைராய்டு உள்ளவர்களுக்கு டாக்டர் வேறு கணக்கு போடுவார்.

1. முதல் ஸ்கேன், சரியான தேதி

பிரசவத் தேதியைக் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 280 நாள் கூட்டிச் சொல்கிறார்கள். எனக்கு அது 2024 ஜூன் 3, அதன்படி தேதி 2025 மார்ச் 10. இந்தக் கணக்கு 28 நாள் சுழற்சி உள்ளவர்களுக்குப் பொருந்தும். எனக்கு மாதவிடாய் 36, 37 நாளுக்கு ஒருமுறைதான் வரும், அதாவது கரு தங்கியதே ஒரு வாரத்துக்கு மேல் தள்ளித்தான்.

ஜூலை 29 அன்று முதல் ஸ்கேன். என் கணக்குப்படி சரியாக 8 வாரம், ஸ்கேனில் 6 வாரம் 5 நாள். ஒன்பது நாள் வித்தியாசம். இந்தக் கட்டத்தில் ஐந்து நாளுக்கு மேல் வித்தியாசம் வந்தாலே ஸ்கேன் தேதியைத்தான் எடுத்துக்கொள்வார்கள் (9 வாரத்திலிருந்து 14 வாரத்துக்குள் என்றால் ஏழு நாளுக்கு மேல்). காரணம், முதல் மூன்று மாதத்தில் எல்லாக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்கின்றன, தலையிலிருந்து புட்டம் வரை அளந்தால் வயது தெரிந்துவிடும். ஆக, என் சரியான பிரசவத் தேதி மார்ச் 19.

ரிப்போர்ட்டின் கீழே அது அச்சாகியே இருந்தது. ஆனால் ஓ.பி. சீட்டின் முகப்பில் நர்ஸ் முதல் நாளே எழுதிய மார்ச் 10 அப்படியே இருந்தது, என் ஃபோன் ஆப்பிலும் மார்ச் 10. அதை வைத்து ஆகஸ்ட் 22 அன்று "11 வாரம் 3 நாள்" என்று என்.டி. ஸ்கேனுக்குப் போனேன். உண்மையில் அன்று 10 வாரம் 1 நாள்.

எனவே முதல் ஸ்கேன் முடிந்ததும் டாக்டரிடம் ஒரே கேள்வி: "எந்தத் தேதியை வெச்சுக்கணும்?" அவர் சொல்வதைச் சீட்டின் முகப்பில் அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள், பழையதை அடிக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு அந்தத் தேதி மாறக்கூடாது. ஏழாம் மாதம், எட்டாம் மாதம் எடுக்கும் ஸ்கேன்களிலும் மெஷின் புதிதாக ஒரு பிரசவத் தேதி அச்சடித்துத் தரும். அது அன்றைய குழந்தையின் அளவை வைத்துப் போட்டது, அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

2. ஒரு காலண்டர் போடுங்கள்

ஆப் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் நான் சுவரில் மாட்டும் மாதக் காலண்டரைத்தான் சிபாரிசு செய்வேன், வீட்டில் எல்லார் கண்ணிலும் படும். ஆப் வைத்திருந்தால் அமைப்புகளில் போய்ப் பிரசவத் தேதியை ஸ்கேன் தேதிக்கு மாற்றிவிடுங்கள். மாதக் கணக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். "அஞ்சாம் மாச ஸ்கேன்" என்று அம்மா சொல்வார், ஐந்தாம் மாதம் பிறந்ததா முடிந்ததா என்பது வீட்டுக்கு வீடு மாறும், ஸ்கேன் சென்டரில் கேட்பது வாரமும் நாளும்தான்.

மார்ச் 19-ஐ வைத்து நான் எழுதியது இது. உங்கள் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் உங்களுடையது கிடைக்கும்.

- என்.டி. ஸ்கேன், கூடவே டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனை: 11 வாரம் முதல் 13 வாரம் 6 நாள் வரை. எனக்கு ஆகஸ்ட் 28 – செப்டம்பர் 17.
- குழந்தையின் உறுப்புகளில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் அனாமலி ஸ்கேன்: 18 – 20 வாரம். அக்டோபர் 16 – 30.
- குளுக்கோஸ் டெஸ்ட்: முதல் விசிட்டில் ஒருமுறை, பிறகு 24 – 28 வாரத்தில். நவம்பர் 27 – டிசம்பர் 25.
- வளர்ச்சி ஸ்கேன்: 32 வாரம் வாக்கில் ஒன்று, டாக்டர் சொன்னால் 36-ல் இன்னொன்று. ஜனவரி 22, பிப்ரவரி 19.

சாதாரண செக்கப் 28 வாரம் வரை மாதம் ஒருமுறை, 36 வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு வாராவாரம். பிபி, எடை, சிறுநீரில் புரதம், குழந்தையின் இதயத்துடிப்பு, அவ்வளவுதான், பத்து நிமிட வேலை. பிபி 140/90-ஐத் தொட்டால் அடுத்த தேதி வரை காத்திருக்கக் கூடாது.

என்.டி.யும் அனாமலியும் நாள் தவறினால் போனதுதான், அதனால் அந்த இரண்டுக்கும் மூன்று வாரம் முன்னாலேயே நேரம் வாங்கிவிடுங்கள். ஸ்கேனுக்கு டாக்டர் சீட்டும் அடையாள அட்டையும் கட்டாயம். பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் படிவம் நிரப்ப வேண்டும்.

குளுக்கோஸ் டெஸ்டுக்கு, அரசு முறையில், சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகாலச் சர்க்கரை. குடித்த அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் அன்றைய டெஸ்ட் செல்லாது, சொல்லிவிட்டு மறுநாள் வாருங்கள். ஐந்து நிமிடத்தில் மெதுவாகக் குடித்தால் எனக்கு வயிற்றில் நின்றது.

3. பிக்மி எண்

கர்ப்பத்தை அரசிடம் பதிந்ததும் கிடைக்கும் எண் இது. தமிழ்நாட்டில் தனியார் ஆஸ்பத்திரியில் பார்த்தாலும் இது வேண்டும், குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு இந்த 12 இலக்க எண்ணைக் கேட்பார்கள். உங்கள் பகுதி சுகாதார செவிலியரிடமோ இணையத்திலோ 12 வாரத்துக்குள் பதிந்துவிடுங்கள். கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் முத்துலட்சுமி ரெட்டி உதவித்தொகைக்கும் இந்தச் சீக்கிரப் பதிவு தேவை.

4. அம்மா வீட்டுக்குப் போவது

வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்குப் போகிறவர்கள் கவனமாகப் படியுங்கள். பாதிக் கர்ப்பத்தில் ஆஸ்பத்திரி மாறுகிறோம், புது டாக்டருக்கு உங்களைப் பற்றித் தெரிந்ததெல்லாம் நீங்கள் கொண்டுபோகும் ஃபைல் மட்டும்தான்.

நான் சென்னையிலிருந்து தென்காசிக்கு 33-வது வாரம் போனேன், பொதிகையில் லோயர் பெர்த். அதற்கு மேல் தள்ளிப்போட வேண்டாம், புது டாக்டர் உங்களை இரண்டு மூன்று முறையாவது பார்த்திருக்க வேண்டும். முதல் விசிட்டிலேயே கேட்க வேண்டியவை: ராத்திரியில் மயக்க மருந்து டாக்டர் எவ்வளவு நேரத்தில் வருவார், ரத்தம் எங்கிருந்து வரும், குழந்தைக்கு மூச்சுத் திணறினால் எந்த ஊருக்கு அனுப்புவார்கள், அங்கே போக எத்தனை நிமிடம். ரூம் வசதி, ஏ.சி. எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இனி அந்தத் தேதி விஷயம். புது இடத்தில் ஃபைலின் முதல் பக்கத்தைப் பார்த்து மார்ச் 10 என்றே எழுதிக்கொண்டார்கள். மார்ச் 15 செக்கப்பில், "தேதி தாண்டி அஞ்சு நாள் ஆச்சு, 17-ஆம் தேதி அட்மிட் ஆகுங்க, வலி வர மருந்து வைக்கலாம்" என்றார் டாக்டர். நான் ஜூலை மாத முதல் ஸ்கேனை எடுத்து நீட்டினேன். அவர் ரிப்போர்ட்டைப் பார்த்து, மேசையில் இருந்த, கர்ப்ப வாரம் பார்க்கும் வட்ட அட்டையைச் சுற்றி ஒருமுறை கணக்குப் போட்டு, மார்ச் 10-ஐ அடித்துவிட்டு 19 என்று எழுதினார். "இது 39 வாரம் 3 நாள்தான், பொறுத்துப் பார்ப்போம்." 20-ஆம் தேதி ராத்திரி தானாகவே வலி வந்தது.

ஆகவே ஃபைலில் எல்லாவற்றுக்கும் மேலே முதல் ஸ்கேன் ரிப்போர்ட். சில ஸ்கேன் படங்கள் வழவழப்பான தாளில் இருக்கும், வெயிலிலும் சூட்டிலும் மங்கிவிடும், வாங்கிய அன்றே ஃபோனில் படம் எடுத்துக் கணவருக்கும் அனுப்பிவையுங்கள். பிளாஸ்டிக் உறை உள்ள ஃபைல் வாங்குங்கள், துளை போட்டுக் கோர்க்கும் ஃபைலில் அவசரத்துக்கு ஒன்றை உருவ முடியாது.

*பின்சேர்க்கை:* இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். ஊர் மாறினால் பிக்மி எண் மாறாது, அம்மா ஊர் செவிலியரிடம் பழைய எண்ணையே சொல்லுங்கள், புதிதாகப் பதிய வேண்டாம். அடுத்தது, உங்கள் ரத்த வகை நெகட்டிவ், கணவருடையது பாசிட்டிவ் என்றால் ஃபைலின் அட்டையிலேயே பெரிதாக எழுதுங்கள். 28 வாரத்தில் ஆன்டி-டி ஊசி போட்டாச்சா என்று புது டாக்டருக்குத் தெரிய வேண்டும், குழந்தை பாசிட்டிவ் என்றால் பிறந்து 72 மணி நேரத்துக்குள் மறுபடியும் போட வேண்டும்.

5. கடைசி வாரங்கள்

35-வது வாரம்:
- ஃபைல்: முதல் ஸ்கேன், அனாமலி ரிப்போர்ட், ரத்த வகை, சமீபத்திய ஹீமோகுளோபின், எச்.ஐ.வி. மற்றும் மஞ்சள்காமாலை பி ரிப்போர்ட், பிக்மி எண், இருவர் ஆதார், காப்பீட்டு அட்டை.
- ரத்தம் தர ஆள் தேவைப்பட்டால் யாரைக் கூப்பிடுவது, இரண்டு பெயர்.
- ராத்திரி ஒரு மணிக்கு வரக்கூடிய ஆட்டோ அல்லது கார்காரர் நம்பர், அவர் எடுக்கவில்லை என்றால் 108.

36-வது வாரம், பை:
- முன்பக்கம் திறக்கும் நைட்டி மூன்று, பெரிய பேட் இரண்டு பாக்கெட், உள்ளாடை, துண்டு, செருப்பு.
- குழந்தைக்குப் பழைய வேட்டித் துணி, துவைத்து வெயிலில் காயவைத்து மடித்தது பத்துத் துண்டு, குல்லா, சாக்ஸ். புதுத்துணி விறைப்பாக இருக்கும், துவைக்காமல் போடக் கூடாது.
- ஃபிளாஸ்க், டம்ளர், சார்ஜர், சில்லறைப் பணம்.
- சேனை வைக்கும் பழக்கம் உள்ள வீடு என்றால் இப்போதே பெரியவர்களிடம் பேசிவிடுங்கள். சர்க்கரைத் தண்ணீர், தேன் எதுவும் வேண்டாம், முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால்தான்.

37-லிருந்து தினமும்: சாப்பிட்டபின் இடப்பக்கம் சாய்ந்து படுத்து அசைவை எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்தில் பத்து வரவில்லை என்றாலோ வழக்கத்தைவிடக் குறைவாகத் தெரிந்தாலோ, மறுநாள் செக்கப் இருந்தாலும் அன்றே கிளம்ப வேண்டும்.

எப்போது கிளம்புவது? முதல் பிரசவத்தில், ஆஸ்பத்திரி பக்கத்திலேயே என்றால், வலி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், இப்படி ஒரு மணி நேரம் நீடித்தால் புறப்படலாம். தூரம் என்றால் அதற்கு முன்பே. தண்ணீர்க்குடம் உடைந்தால் வலிக்குக் காத்திருக்க வேண்டாம், மணியைப் பார்த்துக்கொண்டு, தண்ணீரின் நிறத்தையும் பார்த்துவிட்டுப் போங்கள், பச்சையாக இருந்தால் போனிலேயே சொல்லிவிடுங்கள். ரத்தப்போக்கு, தாங்க முடியாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, இவை எந்த வாரத்தில் வந்தாலும் உடனே.

டிஸ்சார்ஜ் அன்று பிறப்புப் பதிவுக்கு எழுதும் தாளை வாங்கி அம்மா, அப்பா பெயரின் எழுத்துகளையும் முகவரியையும் ஆதாரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பதிவை 21 நாளுக்குள் முடித்துவிட வேண்டும், குழந்தையின் பெயரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.