மதகில் அளந்தால் கடைமடை தெரியுமா?

கடைமடை ஊர்களின் தண்ணீர்ப் பற்றாக்குறையை ஆய்வு செய்யும் மாணவர்களுக்கு ஒரு குறிப்பு. ‘பற்றாக்குறை’ என்று மட்டும் எழுதினால் அளக்க முடியாது. எதை, எங்கே, எப்போது பார்த்து எண்ணுவீர்கள் என்று சொல்வதே செயல்பாட்டு வரையறை.

பலர் வாய்க்கால் தலைப்பு மதகின் அளவுகோலைப் படித்துவிடுகிறார்கள். இருவர் தனித்தனியே படித்தாலும் ஒரே எண் வரும். அது நம்பகத்தன்மை. ஆனால் மதகில் நிறையத் தண்ணீர் ஓடும் நாளிலும் கடைசி வயல் காய்ந்து கிடக்கலாம். நாம் அறிய விரும்பியதை அந்த எண் அளக்கவில்லை, ஏற்புடைமை இல்லை. எத்தனை முறை திரும்ப அளந்தாலும் இந்தக் குறை தீராது.

வயலிலேயே துளையிட்ட குழாயைப் பதித்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. அல்லது அதற்கும் கீழே இருக்கும் நாட்களை எண்ணுங்கள். தினமும் ஒரே நேரத்தில் பாருங்கள். சில நாட்கள் இன்னொருவரும் தனியாகப் படித்து ஒப்பிடட்டும்.

இந்த முறையிலும் ஒரு குறை உண்டு. ஆழ்துளைக் கிணறு உள்ளவரின் வயல், ஆற்றுநீர் வராத நாளிலும் ஈரமாகவே இருக்கலாம். ஆகவே மோட்டார் ஓடிய நாட்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.