கபடி ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்கோர் பக்கத்தின் தலைப்பை மாற்றுவது எப்படி?

தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி என்று நம் இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் ஒரு கபடிப் போட்டி நடந்தால், அதைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களில் பாதிப் பேர் ஊரில் இருப்பதில்லை. துபாயிலோ மலேசியாவிலோ வேலைக்கு நடுவில் போனை எடுத்து, "என்ன ஸ்கோர்?" என்று தேடுகிறார்கள். அவர்கள் கண்ணில் முதலில் படுவது நீங்கள் உள்ளே எழுதும் வர்ணனை இல்லை, பக்கத்தின் தலைப்புதான். அந்தத் தலைப்பை எப்படி எழுதுவது, ஆட்டத்தின் நடுவில் எப்போது மாற்றுவது என்பதை மட்டும் இங்கே பார்ப்போம். தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இறுதி ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். ஆட்டம் கற்பனை, ஆனால் வேலை முழுக்க நிஜம்.

முதலில் ஒரு விஷயம்: தலைப்பு ஒன்று இல்லை, நான்கு

ஒரே பக்கத்துக்கு நான்கு இடங்களில் பெயர் இருக்கிறது. பக்கத்தின் மேலே பெரிய எழுத்தில் தெரிகிற தலைப்பு ஒன்று. பிரவுசர் டேபிலும் கூகுள் தேடலிலும் வருகிற `title` இன்னொன்று. வாட்ஸ்அப்பில் லிங்கை ஒட்டினால் படத்தோடு வருகிற `og:title` மூன்றாவது. கடைசியாக, லிங்கிலேயே இருக்கிற பெயர்.

இந்த நான்கும் ஒரே வேகத்தில் மாறாது. இதைப் புரிந்துகொண்டால் மீதி வேலை சுலபம். பக்கத்தின் மேலே இருக்கும் தலைப்பை மாற்றினால், பக்கத்தைத் திறப்பவருக்கு உடனே தெரியும். `title`ஐ மாற்றினால் டேபில் உடனே வரும், ஆனால் கூகுள் மறுபடி வந்து பக்கத்தைப் படித்த பிறகுதான் தேடலில் மாறும். அது சில நிமிடத்திலும் நடக்கலாம், சில நாளும் ஆகலாம், நம் கையில் இல்லை. வாட்ஸ்அப் கதை வேறு. லிங்கை ஒட்டுகிற அந்த நொடியில், அனுப்புகிறவருடைய போன் பக்கத்தைப் படித்து தலைப்பை எடுத்துக்கொள்கிறது. செய்தி போய்விட்டால் அதோடு சரி, அப்புறம் நீங்கள் என்ன மாற்றினாலும் அந்தச் செய்தியில் பழைய தலைப்புதான் இருக்கும். லிங்கின் பெயரையோ மாற்றவே கூடாது. மாற்றினால் ஏற்கெனவே அனுப்பிய லிங்க் எல்லாம் செத்துவிடலாம்.

படி 1: லிங்கை ஆட்டத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள்

லிங்கில் தமிழ் வேண்டாம். ஒரு தமிழ்க் குறியீடு லிங்கில் `%E0%AE%B0` என்பது மாதிரி ஒன்பது எழுத்தாக விரியும். "இராமநாதபுரம்" என்று எழுதிப் பாருங்கள். நம் கண்ணுக்கு எட்டு எழுத்து, கணினிக்குப் பன்னிரண்டு குறியீடு, லிங்கில் நூற்றெட்டு எழுத்து. குரூப்பில் அதைப் பார்க்கிறவர் ஏதோ வைரஸ் லிங்க் என்று நினைத்துத் தொடாமல் போய்விடுவார். இப்படிப் போதும்:

```
thondi-devipattinam-kabaddi-final-2025
```

ஸ்கோர், "live", "result" எதுவும் இதில் வரக் கூடாது. ஆட்டம் முடிந்த பிறகும் இதே லிங்கில்தான் ஆட்ட அறிக்கை இருக்கப் போகிறது. ஆண்டு மட்டும் இருக்கட்டும், அடுத்த வருடமும் இதே இரண்டு ஊர் மோதலாம்.

வேர்ட்பிரஸ்ஸில் பதிவை வெளியிடும் முன் slug என்ற இடத்தில் இதை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். வெளியிட்ட பிறகு தலைப்பை எத்தனை முறை மாற்றினாலும் slug அப்படியே இருக்கும்.

படி 2: பழசானாலும் பொய்யாகாத தலைப்பை எழுதுங்கள்

முழு விளக்கத்தில் இதற்குத்தான் நான் அதிக இடம் கொடுப்பேன். கபடியில் ஒரு ரைடுக்கு 30 நொடி. ஆண்கள் ஆட்டம் விதிப்படி 20 நிமிடமாக இரண்டு பாதி, ஊர்ப் போட்டிகளில் இதைக் குறைப்பதும் உண்டு. எப்படியிருந்தாலும் நிமிடத்துக்கு இரண்டு தடவை ஸ்கோர் மாறலாம். ஒரு ஆல் அவுட் விழுந்தால் கூடுதலாக இரண்டு புள்ளி சேர்ந்து ஆட்டமே திரும்பிவிடும். தலைப்பால் இதன் பின்னால் ஓட முடியாது.

ஆகவே "தொண்டி முன்னிலை 18-14" என்று எழுதாதீர்கள். நீங்கள் சேமித்துவிட்டு நிமிர்வதற்குள் தேவிபட்டினம் முந்தியிருக்கலாம். கூகுளில் அந்தத் தலைப்பு ஆட்டம் முடிந்து மறுநாள் காலை வரைகூட நிற்கலாம். அதைப் படித்துவிட்டு ஒருவர் வீட்டுக்குப் போன் போட்டு, "நம்ம பசங்க ஜெயிச்சுட்டாங்களா?" என்று கேட்டால், அந்தத் தவறான சந்தோஷத்துக்கு நாம்தான் காரணம்.

அதே ஸ்கோரை இப்படி எழுதிப் பாருங்கள்: "இடைவேளையில் தொண்டி 18, தேவிபட்டினம் 14". இது எத்தனை நாள் கழித்துப் படித்தாலும் உண்மை. இடைவேளையில் ஸ்கோர் அதுதான். "முன்னிலை", "தற்போது", "இப்போது" போன்ற சொற்கள் தலைப்பைச் சீக்கிரம் பொய்யாக்கும். "முதல் பாதி", "இடைவேளை", "முடிவு" போன்றவை ஸ்கோரை ஒரு கட்டத்தோடு கட்டிப்போடும்.

கட்டத்துக்குப் பதில் மணி நேரம் போடலாமே என்று தோன்றும். போடலாம்தான். ஆனால் நம் 9.40 துபாயில் 8.10. அங்கே இருப்பவர் தலைப்பைப் பார்த்துக் குழம்புவார். கட்டத்தின் பெயர் எல்லா ஊருக்கும் ஒன்றுதான். மணி போட்டே ஆக வேண்டுமென்றால் பக்கத்தின் உள்ளே "இந்திய நேரம்" என்று சேர்த்துப் போடுங்கள்.

இன்னொன்று, எண்ணை ஊரின் பெயரோடு ஒட்டியே எழுதுங்கள். "தொண்டி - தேவிபட்டினம் 29-31" என்று எழுதிவிட்டு, வென்ற அணியை முன்னால் கொண்டுவரப் பெயரை மட்டும் இடம் மாற்றினால், எண் மாறாமல் நின்றுவிடும். அவசரத்தில் அதிகம் நடக்கிற பிழை இதுதான். "தேவிபட்டினம் 31, தொண்டி 29" என்று எழுதினால் எப்படித் திருப்பிப் போட்டாலும் பிசகாது.

படி 3: எல்லாத் தலைப்பையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள்

மைதானத்தில் கடற்காற்று மைக்கில் இரையும், கூட்டம் கத்தும், சிக்னல் ஒரு கோடு இருக்கும், இல்லாமலும் போகும். அங்கே நின்றுகொண்டு வாக்கியம் யோசிக்க முடியாது. சாயங்காலமே போனில் நோட்ஸைத் திறந்து இவற்றை எழுதிவிடுங்கள்:

```
தொண்டி - தேவிபட்டினம் கபடி இறுதி ஆட்டம்: நேரடி ஸ்கோர்
இடைவேளையில் தொண்டி __, தேவிபட்டினம் __: கபடி இறுதி
சமநிலை __-__, டை பிரேக்கர்: தொண்டி - தேவிபட்டினம் கபடி
தொண்டி __, தேவிபட்டினம் __: தொண்டி சாம்பியன்
தேவிபட்டினம் __, தொண்டி __: தேவிபட்டினம் சாம்பியன்
மழையால் நின்றது, தொண்டி __, தேவிபட்டினம் __: கபடி இறுதி
```

எண்ணை மட்டும் நிரப்பி, வெட்டி ஒட்டினால் போதும். இரண்டு ஊருக்கும் வெற்றித் தலைப்பு எழுதியிருப்பதைக் கவனியுங்கள். நம் ஊர் தோற்கும் தலைப்பையும் முன்னாலேயே எழுதுவது மனதுக்குக் கஷ்டம்தான், ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

ஸ்கோரும் முடிவும் முன்னால், போட்டியின் பெயர் பின்னால். தமிழ் எழுத்து அகலம் அதிகம், அதனால் தேடலில் தலைப்பின் வால் சீக்கிரம் வெட்டுப்படும். எழுத்து எண்ணிக்கை காட்டும் கருவிகளை இதற்கு நம்பாதீர்கள், அவை குறியீட்டை எண்ணுகின்றன. உங்கள் போனிலேயே தேடிப் பார்த்து எங்கே வெட்டுகிறது என்று தெரிந்துகொள்வது மேல்.

படி 4: வாட்ஸ்அப்புக்கான தலைப்பில் ஸ்கோர் வேண்டாம்

மேலே சொன்ன காரணம்தான். ஒட்டிய நொடியில் உறைந்துபோகிற இடத்தில் மாறுகிற எண்ணை வைக்கக் கூடாது. ஆட்டம் நடக்கும்போது இரண்டும் இப்படி இருக்கட்டும்:

```html
<title>இடைவேளையில் தொண்டி 18, தேவிபட்டினம் 14: கபடி இறுதி</title>
<meta property="og:title" content="தொண்டி - தேவிபட்டினம் கபடி இறுதி: ஸ்கோர் பக்கம்">
```

வேர்ட்பிரஸ்ஸில் எஸ்இஓ பிளகின் எதையாவது போட்டிருந்தால், தேடல் தலைப்புக்கும் சமூக ஊடகத் தலைப்புக்கும் தனித்தனிப் பெட்டி இருக்கும், கோடைத் தொட வேண்டியதில்லை. இரண்டாவதில் "நேரடி" என்று எழுதாமல் "ஸ்கோர் பக்கம்" என்று எழுதியிருக்கிறேன். மறுநாள் யாராவது பழைய செய்தியைப் பார்வர்டு செய்தாலும் அது பொருந்தும்.

படி 5: ஆட்டத்தின் நடுவில் மாற்றுவது

தொடக்கம், இடைவேளை, முடிவு என்று மூன்று தடவை தலைப்பை மாற்றினால் போதும். டை பிரேக்கர் வந்தால் நான்கு. நடுவில் விழுகிற ஆல் அவுட், சூப்பர் டேக்கிள் எல்லாம் பக்கத்தின் உள்ளே வரட்டும்.

முடிந்தால் இரண்டு பேர் செய்யுங்கள். ஒருவர் ஸ்கோரர் மேசைக்குப் பக்கத்தில், இன்னொருவர் சிக்னல் கிடைக்கிற இடத்தில் அல்லது வீட்டில். மேசையிலிருந்து வருகிற செய்தி ஒரே மாதிரி இருக்க வேண்டும்: "இடை, தொ 18, தே 14". வாங்கியவர் அதையே திருப்பி அனுப்பி, "சரி" வந்த பிறகுதான் சேமிக்க வேண்டும். "நம்ம 18" என்று அனுப்பினால் யாருடைய 18 என்று கேட்கவே அரை நிமிடம் போய்விடும்.

கடைசி விசில் ஊதியதும் வெற்றித் தலைப்பைப் போட்டுவிடாதீர்கள். கடைசி ரைடில் தொட்டாரா இல்லையா என்று நடுவர்கள் பேசிக்கொண்டிருக்கலாம். பலகையில் எண் மாற்றுகிறவர் ஒரு புள்ளி விட்டிருக்கலாம். 29-31 மாதிரி நெருக்கமான ஆட்டத்தில் அந்த ஒரு புள்ளிக்குச் சண்டையே நடக்கும். மேசையில் ஸ்கோர் தாளைச் சரிபார்த்து, மைக்கில் அறிவித்த பிறகு, "தேவிபட்டினம் 31, தொண்டி 29: தேவிபட்டினம் சாம்பியன்" என்று மாற்றுங்கள். முந்திப் போட்டு ஒரு ஊரையே தப்பாக ஜெயிக்க வைப்பதைவிட இரண்டு நிமிடம் தாமதமானால் பரவாயில்லை.

படி 6: மாறியதா என்று பாருங்கள்

நீங்கள் லாகின் செய்திருக்கும் பிரவுசரில் புதிய தலைப்புதான் தெரியும், அதை நம்பிவிடக் கூடாது. இன்னொரு போனிலோ பிரைவேட் விண்டோவிலோ திறந்து பாருங்கள். பழைய தலைப்பு வந்தால், அதே லிங்கின் கடைசியில் `?v=2` என்று சேர்த்து மறுபடி திறந்து பாருங்கள். இப்போது புதியது வந்தால் உங்கள் பதிவு சரியாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது, கேச்தான் பழைய பிரதியைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கேச் பிளகினில் அந்த ஒரு பக்கத்தை மட்டும் அழித்துவிடுங்கள். `?v=2` சேர்த்தும் பழையது வந்தால் பெரும்பாலும் பதிவே சேமிக்கப்படவில்லை. சிக்னல் போன நேரத்தில் பட்டனை அழுத்தியிருப்பீர்கள், மறுபடி சேமியுங்கள்.

ஆட்ட நாள்களில் இந்தப் பக்கத்துக்கு மட்டும் கேச்சை நிறுத்திவைக்க பிளகினில் வசதி இருந்தால், சாயங்காலமே அதைச் செய்துவிட்டு மைதானத்துக்குப் போங்கள்.

படி 7: ஸ்கோர் பக்கத்தை ஆட்ட அறிக்கையாக மாற்றுவது

புதிய பக்கம் திறக்காதீர்கள். குரூப்களில் சுற்றுகிற லிங்க் எல்லாம் இந்தப் பக்கத்துக்குத்தான் வருகிறது. மேலே இருக்கும் பெரிய தலைப்பையும் `title`ஐயும் முடிவுக்கு மாற்றுங்கள். ஸ்கோர் இனி மாறாது, ஆகவே `og:title`இலும் இப்போது முடிவைப் போடலாம். முன்னால் அனுப்பிய செய்திகளில் பழைய தலைப்பு அப்படியேதான் இருக்கும். அதனால் அறிக்கையின் முதல் வரியிலேயே யார், எத்தனைக்கு எத்தனை என்று எழுதிவிட்டு, அதன் கீழே எந்த ரைடில் ஆட்டம் திரும்பியது என்று விளக்கமாக எழுதத் தொடங்குங்கள்.