கன்டெய்னர் பற்றி மாணவர்கள் எழுதும் தவறுகள்

மதுரையிலிருந்து தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகும் சரக்குக்கு ஏற்றுமதிக் காகித வேலை பார்ப்பது என் தொழில். கல்லூரிகளில் வணிகவியல் புராஜெக்ட்டைப் பார்க்கவும் அவ்வப்போது கூப்பிடுவார்கள். ஆண்டு மாறிப்போவது, பெயரில் எழுத்து விடுபடுவது எல்லாம் தானே சரியாகிவிடும். தொழிலுக்கு வந்த பிறகும் தொடரும் தவறுகள் சில உண்டு. அவற்றைத்தான் இங்கே சொல்கிறேன்.

"கப்பல் வேகமாகப் போனதால் செலவு குறைந்தது"

கன்டெய்னர் வந்ததும் சரக்கு அனுப்பும் செலவு ஏன் குறைந்தது என்ற கேள்விக்கு வருடா வருடம் யாராவது ஒருவர் இதை எழுதுகிறார். ஒவ்வொரு முறையும் எனக்கு எரிச்சல் வருகிறது.

1956 ஏப்ரல் 26 அன்று அமெரிக்காவின் நெவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு 58 கன்டெய்னர் பெட்டிகளோடு புறப்பட்ட 'ஐடியல் எக்ஸ்' பழைய எண்ணெய்க் கப்பல். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கட்டியது. அதை அனுப்பிய மால்கம் மெக்லீன் லாரித் தொழிலிலிருந்து வந்தவர். வேகத்தில் அந்தக் கப்பல் எந்தப் புதுமையும் செய்யவில்லை.

அப்படியானால் பணம் எங்கே மிச்சமானது? அதற்கு இரண்டு வருடம் முன்னால் போன 'வாரியர்' என்ற கப்பலைப் பாருங்கள். 1954-இல் நியூயார்க்கின் புரூக்ளினிலிருந்து ஜெர்மனியின் பிரேமர்ஹாவனுக்கு சுமார் 5,000 டன் சரக்கோடு போனது. கன்டெய்னர் இல்லாமல் மூட்டை, சின்னப் பெட்டி, பீப்பாய் என்று மொத்தம் 1,94,582 உருப்படிகள். ஒவ்வொன்றையும் ஆள் தொட்டுத் தூக்கி அடுக்க வேண்டும். ஏற்ற 6 நாள், இறக்க 4 நாள். கடலில் போனது பத்தரை நாள்தான். மொத்தச் செலவு 2,37,577 டாலர். அதில் கடல் பயணத்துக்கு ஆனது 11.5 சதவீதம். இரண்டு துறைமுகங்களிலும் ஏற்றி இறக்க ஆனதோ 36.8 சதவீதம்.

இப்போது கணக்குப் போடுங்கள். கடல் பயணச் செலவைப் பாதியாக்கினாலும் மொத்தத்தில் 6 சதவீதம்கூடக் குறையாது. ஏற்றி இறக்கும் செலவைப் பாதியாக்கினால் 18 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிடும். மெக்லீன் கை வைத்தது இந்த இடத்தில்தான். ஐடியல் எக்ஸில் கிரேன் ஏழு நிமிடத்துக்கு ஒரு பெட்டி வைத்தது. எட்டு மணி நேரத்துக்குள் கப்பல் நிறைந்தது. அந்தக் காலத்தில் உதிரிச் சரக்கை ஏற்ற டன்னுக்கு 5.83 டாலர் ஆனது. பெட்டியில் போட்டு ஏற்ற 16 சென்ட்கூட ஆகவில்லை என்று மெக்லீனின் ஆட்கள் கணக்கிட்டார்கள்.

தேர்வில் இந்தத் தவறுக்கு மதிப்பெண்தான் போகும். தொழிலில் கைக்காசே போய்விடும். மேலூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் வெளிநாட்டுக்குத் துண்டு அனுப்ப, வாங்குபவரின் கிடங்குவரை சேர்ப்பதாக ஒரு விலை சொன்னான். கடல் கட்டணத்தை மட்டும் கூட்டியிருந்தான். "தம்பி, லாரி வாடகை, இரண்டு பக்கத்துத் துறைமுகக் கட்டணம், அந்த ஊர் லாரி எல்லாம் எங்கே?" என்று கேட்டேன். "கப்பலில் போறதுக்குத்தானே சார் செலவு?" என்றான். காகிதம் போய்ச் சேரத் தாமதமாகி, பெட்டி அந்த ஊர்த் துறைமுகத்தில் நின்றது. நின்ற ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறியது. அந்த ஆர்டரில் லாபம் முழுக்கப் போனதோடு முதலும் கொஞ்சம் கரைந்தது. கப்பல் நேரத்துக்குத்தான் போனது. பெட்டி கரையில் நின்றதுதான் அவனுக்கு நஷ்டம்.

"பெட்டியைக் கண்டுபிடித்ததுதான் சாதனை"

இல்லை. ரயிலில் பெட்டிகள் முன்பே இருந்தன. லாரி, கிரேன், கப்பல் மூன்றும் ஒரே பெட்டிக்குப் பொருந்தியதுதான் புதுசு.

"1956-இலேயே உலகம் மாறிவிட்டது"

பத்து வருடத்துக்கு மேல் ஆனது. ஒவ்வொரு கம்பெனியும் தனக்குப் பிடித்த நீளத்தில் பெட்டி செய்தது. ஒருவர் பெட்டியை இன்னொருவர் கிரேன் தூக்க முடியாது. மெக்லீனிடம் வேலை பார்த்த பொறியாளர் கீத் டான்ட்லிங்கர் பெட்டியின் மூலைகளில் பொருத்தும் பூட்டை வடிவமைத்தார். அதன் காப்புரிமையை எல்லோரும் பயன்படுத்த மெக்லீனின் நிறுவனம் விட்டுக்கொடுத்தது. 20 அடி, 40 அடி என்ற அளவுகள் 1960-களின் பிற்பகுதியில்தான் சர்வதேசத் தரமாக நிலைத்தன. அப்புறம்தான் எந்த ஊர்ப் பெட்டியையும் எந்த ஊர்க் கிரேனும் தூக்க முடிந்தது.

"எல்லோருக்கும் லாபம்"

லண்டன் டாக்கில் மூட்டை தூக்கியவர்களைக் கேட்டால் அப்படிச் சொல்லமாட்டார்கள். அவர்கள் வேலை போனது. சரக்கு இங்கிலாந்திலேயே ஃபெலிக்ஸ்டோ துறைமுகம் போன்ற புதிய இடங்களுக்கு நகர்ந்தது.

"ஒரே கப்பலில் நேராகப் போவதுதான் மலிவு"

தூத்துக்குடியில் ஏறும் பல பெட்டிகள் சிறிய கப்பலில் கொழும்பு போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறுகின்றன. உதிரி மூட்டைக் காலத்தில் வழியில் இறக்கி மறுபடி ஏற்றுவது என்றால் அத்தனை உருப்படியையும் இன்னொரு முறை ஆள் தூக்க வேண்டும். இப்போது கிரேன் பெட்டியைத் திறக்காமலே மாற்றிவிடுகிறது. அதனால் பல சிறிய துறைமுகங்களின் சரக்கை ஒரே இடத்தில் திரட்டிப் பெரிய கப்பலில் அனுப்புவது கட்டுப்படியாகிறது.