புகைப்படமாக எடுத்த நிலவரைபடத்தில் பிரதி பின்னமும் உண்மைத் தூரமும் கணக்கிடும் முறை

இந்திய நில அளவைத் துறையின் தலப்படத் தாள் ஒன்றைக் கைப்பேசியில் படமெடுத்து, வீட்டுக்கு வந்து அச்செடுத்து, அளவுகோலை வைத்துத் தூரம் கணக்கிடும் மாணவர்கள் பலர் ஒரே இடத்தில்தான் தவறுகிறார்கள். தாளின் அடியில் 1:50,000 என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து, 1 செ.மீ. என்பது அரை கிலோமீட்டர் என்று எடுத்துக்கொண்டு கணக்கை முடித்துவிடுகிறார்கள். பெருக்கலில் பிழையே இருக்காது, ஆனால் விடை உண்மைத் தூரத்துக்குப் பக்கத்தில்கூட வராது.

பிரதி பின்னம் என்பது படத்தில் உள்ள நீளத்துக்கும் தரையில் உள்ள தூரத்துக்கும் இடையிலான விகிதம். இரண்டும் ஒரே அலகில் இருக்க வேண்டும். மேலே உள்ள எண் 1 ஆக இருக்க வேண்டும். தாளைப் படமெடுத்து அச்செடுக்கும்போது ஆறும் சாலையும் ஊர்களுக்கு இடையிலான இடைவெளியும் சுருங்குகின்றன, ஆனால் 1:50,000 என்ற எழுத்து மட்டும் அப்படியே நிற்கிறது. அது மூலத்தாளுக்கு உரிய விகிதமே தவிர, உங்கள் கையில் உள்ள பிரதிக்கு உரியது அன்று. மாறாக, அதற்கு அருகில் வரைந்திருக்கும் கோட்டளவை படத்தோடு சேர்ந்தே சுருங்குவதால், அதை நம்பலாம். ஆகவே, படமெடுக்கும்போதே கோட்டளவை சட்டத்துக்குள் முழுமையாக விழுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: கோட்டளவையை அளப்பது

10° வட அட்சரேகையை ஒட்டிய ஒரு தாளின் கீழ்ப்பகுதியை நேராகப் படமெடுத்து ஏ4 தாளில் அச்செடுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். கோட்டளவையில் 0 முதல் 5 கி.மீ. வரை உள்ள நீளத்தை அளந்தால் 6.4 செ.மீ. வருகிறது. அளக்கும்போது அளவுகோலின் விளிம்பை விட்டு 1 செ.மீ. குறியிலிருந்து தொடங்குவது நல்லது, ஏனெனில் பழைய அளவுகோல்களின் முனை தேய்ந்திருக்கும். பல அளவைகளில் சுழியத்துக்கு இடப்பக்கமும் சிறு பிரிவுகள் நீண்டிருக்கும். அவற்றையும் சேர்த்து அளந்துவிடக் கூடாது.

இரண்டாம் படி: பின்னமாக மாற்றுவது

1 கி.மீ. என்பது 1,00,000 செ.மீ. என்பதால் 5 கி.மீ. என்பது 5,00,000 செ.மீ. ஆகும்.

```
6.4 செ.மீ. : 5,00,000 செ.மீ.
5,00,000 ÷ 6.4 = 78,125
பிரதி பின்னம் = 1:78,125
```

அதாவது, இந்த அச்சுப் பிரதியில் 1 செ.மீ. என்பது தரையில் 0.78125 கி.மீ. இது சரிதானா என்று பார்க்க ஒரு வழி உண்டு. மூலத்தாளில் 5 கி.மீ. சரியாக 10 செ.மீ. இருந்திருக்கும், நமது பிரதியில் அது 6.4 செ.மீ. என்பதால் படம் 0.64 மடங்காகச் சுருங்கியுள்ளது. 50,000ஐ 0.64ஆல் வகுத்தாலும் அதே 78,125 வருகிறது. படம் சுருங்கும்போது பின்னத்தின் கீழ் எண் பெரிதாக வேண்டும். உங்கள் விடையில் அது சிறிதாகியிருந்தால், வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கியிருக்கிறீர்கள்.

பழைய அங்குலத் தாள்களுக்கும் இதே முறைதான். 1 மைல் என்பது 63,360 அங்குலம் என்பதால், ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற தாளின் பின்னம் 1:63,360 ஆகிறது.

மூன்றாம் படி: தூரம்

இரண்டு ஊர்களுக்கு இடையே பிரதியில் 8 செ.மீ. இருந்தால், 8 × 0.78125 = 6.25 கி.மீ. அச்சிட்ட 1:50,000ஐ நம்பியிருந்தால் 4 கி.மீ. என்றே வந்திருக்கும்.

இருப்பினும் 6.25 என்று இரண்டு தசம இடத்துக்கு எழுதுவதை நான் ஏற்பதில்லை. கோட்டளவையில் அரை மில்லிமீட்டர் பிழை நேர்ந்தாலே முடிவில் ஏறக்குறைய 50 மீட்டர் மாறிவிடும். ஆகவே ‘சுமார் 6.3 கி.மீ.’ என்பதே நேர்மையான விடை. கோட்டளவையின் ஒரு கிலோமீட்டரை மட்டும் அளக்காமல், கிடைக்கும் மிக நீளமான பகுதியை அளக்கச் சொல்வதும் இதனால்தான்.

சாலைத் தூரம் வேண்டுமானால், சாலையின் வளைவுகள் மீது ஈர நூலை ஒட்டவைத்து, பிறகு அதை நேராக்கி அளக்கலாம். மலைப்பாதையில் இந்த விடை சற்றுக் குறைவாகவே வரும், ஏனெனில் நெருங்கிய கொண்டை ஊசி வளைவுகள் அனைத்தையும் இந்த அளவையில் முழுமையாக வரைய இடம் இருக்காது.

திரையிலேயே அளப்பதானால்

திரையில் பெரிதாக்கவும் சிறிதாக்கவும் முடிவதால் அங்கே நிலையான பிரதி பின்னம் கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு பிக்சலுக்கு எத்தனை மீட்டர் என்று கணக்கிட வேண்டும். மேற்கண்ட படத்தில் 5 கி.மீ. கோட்டளவை 800 பிக்சல் நீளம் என்றால், ஒரு பிக்சல் 6.25 மீட்டர். படத்தொகுப்புச் செயலியில் சுட்டியை வைத்தால் தெரியும் ஆயங்களைக் குறித்துக்கொண்டு, பிதாகரஸ் தேற்றத்தைப் பயன்படுத்தலாம்.

```
முதல் ஊர் (410, 1450), இரண்டாம் ஊர் (1010, 650)
√(600² + 800²) = 1000 பிக்சல்
1000 × 6.25 = 6,250 மீட்டர்
```

அதே படத்தைச் செய்திச் செயலி வழியாக நண்பருக்கு அனுப்பினால், அது சுருக்கப்பட்டுப் பிக்சல் எண்ணிக்கை குறைந்துவிடக்கூடும். அவர் தமது கோப்பில் கோட்டளவையை மீண்டும் அளந்தாக வேண்டும்.

படம் சாய்ந்திருந்தால்

இதுவரை சொன்னது கைப்பேசியைத் தாளுக்கு இணையாகப் பிடித்து எடுத்த படத்துக்கு மட்டுமே பொருந்தும். மேசைக்கு முன் நின்றபடி சாய்வாக எடுத்தால், நம்மை ஒட்டிய கீழ்ப்பகுதி பெரிதாகவும் தொலைவிலுள்ள மேல்பகுதி சிறிதாகவும் பதியும். அப்போது ஒரே படத்துக்குள் அளவை இடத்துக்கு இடம் மாறும். கோட்டளவையோ அடியில் மட்டும்தான் இருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்கத் தாளிலேயே ஒரு வழி இருக்கிறது. 1:50,000 தாள்களில் 5 நிமிடத்துக்கு ஒன்றாக அட்சரேகைகளும் தீர்க்கரேகைகளும் வரையப்பட்டுள்ளன. 10° அட்சரேகையில் 5 நிமிடத் தீர்க்கரேகை இடைவெளி தரையில் சுமார் 9.14 கி.மீ. ஒரே தாளுக்குள் அதன் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் இடையே இந்த இடைவெளியில் ஏற்படும் மாற்றம் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே, நேராக எடுத்த படத்தில் மேலும் கீழும் அந்த இடைவெளி ஒன்றாகவே தெரிய வேண்டும்.

அதே தாளைச் சாய்வாக எடுத்த இன்னொரு படத்தில் கீழே 11.7 செ.மீ., மேலே 11.1 செ.மீ. என்று வந்தால், மேல்பகுதியில் 1 செ.மீ. என்பது 9.14 ÷ 11.1 = 0.823 கி.மீ. அங்கே கிழக்கு மேற்காக 8 செ.மீ. இடைவெளியில் உள்ள இரு ஊர்களின் தூரம் 6.6 கி.மீ. ஆகும், கோட்டளவையை மட்டும் நம்பினால் 300 மீட்டருக்கு மேல் குறைந்துபோகும். வடக்குத் தெற்கான தூரத்துக்கு இந்த எண் பொருந்தாது, ஏனெனில் சாய்வு அந்தத் திசையில் வேறு அளவுக்குச் சுருக்கும். அதற்கு அருகிலுள்ள இரண்டு அட்சரேகைகளின் இடைவெளியை அளந்து, 5 நிமிடத்துக்கு 9.22 கி.மீ. என்று கொண்டு தனியாகக் கணக்கிட வேண்டும்.

மூலைவாட்டத் தூரமாக இருந்து, இரண்டு திசைகளின் அளவையும் வெகுவாக மாறுபட்டால், கணக்கோடு மல்லுக்கட்டாமல் படத்தை மீண்டும் எடுப்பதே மேல். தாளைத் தரையில் விரித்து, மடிப்புகளை நீவி, நேர்மேலிருந்து, அகலக்கோண வில்லையைத் தவிர்த்து எடுங்கள். எடுத்தவுடன், தாளைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்பே, மேல் கீழ் இடைவெளிகளைத் திரையில் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.