டயர், பேட்டரி தேதிக் குறியீடு: பழைய சரக்கை முதலில் வெளியேற்றுவது எப்படி?

டயர் கடையோ பேட்டரி கடையோ, முதலில் வந்த சரக்கை முதலில் விற்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் முதலில் வந்ததுதான் பழையது என்று எந்தக் கட்டாயமும் இல்லை. விநியோகஸ்தரின் கிடங்கில் ஓராண்டு தூங்கிய டயர், போன வாரம் தயாரான டயருக்குப் பின்னால் வந்து இறங்கலாம். அதனால் பில் தேதியை மறந்துவிட்டு, பொருளின் மேலேயே இருக்கும் தயாரிப்புத் தேதியைப் பிடியுங்கள்.

படி 1: டயரில் தேதியைக் கண்டுபிடிப்பது

டயரின் பக்கச் சுவரில் DOT என்று தொடங்கும் வரிசை ஒன்று இருக்கும். அதன் கடைசி நான்கு எண்கள்தான் தேதி. பெரும்பாலும் அவை ஒரு சின்ன முட்டை வடிவக் கட்டத்துக்குள் தனியாகத் தெரியும். முதல் இரண்டு எண்கள் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. 4723 என்றால் 2023-ஆம் ஆண்டின் 47-ஆவது வாரம், அதாவது நவம்பர் கடைசி. நான்குக்குப் பதில் மூன்றே எண்கள் இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர். அதை விற்பனைப் பக்கமே கொண்டு வராதீர்கள்.

முழு வரிசையும் இரண்டு பக்கமும் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒரு பக்கம் DOT தொடங்கித் தேதி வரை முழுதாக இருக்கும், மறுபக்கம் தேதி இல்லாமல் பாதியிலேயே நின்றிருக்கும். "இந்த டயரில் தேதியே இல்லை" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் பார்ப்பது இந்தப் பக்கத்தைத்தான். திருப்பிப் பாருங்கள். ரேக்கில் நிறுத்தும்போதே தேதி இருக்கும் பக்கம் வெளியே தெரிகிற மாதிரி வைத்துவிட்டால், அடுத்த முறை கணக்கெடுக்கும்போது ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்க வேண்டியதில்லை. இருட்டான ரேக்கில் டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் கருப்பு மேல் கருப்பாக இருக்கும் எழுத்து நிழலோடு எழும்பித் தெரியும்.

படி 2: எண்ணைத் திருப்பிப் போடுவது

எனக்கு அதிக நேரம் பிடித்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். குறியீட்டில் வாரம் முன்னால், ஆண்டு பின்னால். அப்படியே கணினியில் ஏற்றி வரிசைப்படுத்தினால் வரிசை தவறாக வரும்.

ஒரு ரேக்கில் ஒரே அளவில் நான்கு டயர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்: 1124, 4723, 0324, 5023. எக்செல்லில் அடித்து ஏறுவரிசையில் வைத்தால் 324, 1124, 4723, 5023 என்று வரும். 0324-இன் முன்னால் இருந்த பூஜ்யம் காணாமல் போனது ஒரு தொல்லை. அதைவிடப் பெரிய தொல்லை, 2024 ஜனவரியில் தயாரான டயர் முதலில் வந்து, 2023-இல் தயாரான இரண்டும் கடைசிக்குப் போய்விட்டன. இந்தப் பட்டியலை நம்பி விற்றால் புதியது போய்ப் பழையது தங்கும்.

தீர்வு எளிது: ஆண்டை முன்னால் கொண்டு வாருங்கள். குறியீடு A பத்தியில் இருந்தால் பக்கத்துப் பத்தியில் இதைப் போடுங்கள்:

```
=RIGHT(A2,2)&LEFT(RIGHT("0000"&A2,4),2)
```

பூஜ்யம் தொலைந்திருந்தாலும் இது சரியாகவே எடுக்கும். நம் நான்கு டயர்களும் இப்போது 2411, 2347, 2403, 2350 ஆகின்றன. வரிசைப்படுத்தினால் 2347, 2350, 2403, 2411. விற்க வேண்டிய வரிசை இதுதான்.

கணினி வேண்டாம் என்பவர்களுக்கு, எனக்குப் பிடித்த வழி சாக்பீஸ். திருப்பிய எண்ணை டயரின் ஓட்டுப்பரப்பில் பெரிதாக எழுதிவிடுங்கள். ஸ்டிக்கர் ரப்பரில் சரியாக ஒட்டாமல் உதிர்ந்துவிடும். சாக்பீஸ் எழுத்து தூரத்திலிருந்தே தெரியும், கழுவினால் போய்விடும். ஒரு விதிவிலக்கு மட்டும் உண்டு. ஒரே அச்சில் போட இரண்டு டயர் கேட்பவருக்குத் தேதி நெருக்கமான ஜோடியாகவே கொடுங்கள். மேலே உள்ளதில் 2347-உம் 2350-உம் ஒரு ஜோடி.

கிடங்கைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை: வெயில், சூடு இரண்டோடு ஓசோனும் ரப்பரில் வெடிப்பு விழ வைக்கும். மின் மோட்டாரும் வெல்டிங்கும் ஓசோனை உண்டாக்கும் என்பதால் டயர் ரேக்கை கம்ப்ரசர் பக்கத்தில் வைக்காதீர்கள்.

படி 3: பேட்டரி

டயர் அலமாரியில் மெதுவாகத்தான் வயதாகும். ஈய-அமில பேட்டரி அப்படியில்லை. சும்மா இருந்தாலும் தானாகவே சார்ஜ் இறங்கிக்கொண்டே இருக்கும், சூடு ஏற ஏற இன்னும் வேகமாக. இறங்கிய நிலையிலேயே நீண்ட நாள் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிகம் கெட்டிப்பட்டு, பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. ஆகவே பேட்டரிக்குத் தேதி மட்டும் போதாது, வோல்டேஜும் பார்க்க வேண்டும்.

தேதிக் குறியீட்டில் டயருக்கு இருப்பது போல ஒரே பொது முறை கிடையாது. அடிக்கடி காணப்படுவது ஓர் எழுத்தும் ஓர் எண்ணும்: எழுத்து மாதம் (A ஜனவரி, B பிப்ரவரி என்று), எண் ஆண்டின் கடைசி இலக்கம். C4 என்றால் 2024 மார்ச். சில தயாரிப்பாளர்கள் முழுத் தேதியையே அச்சிடுவார்கள், சிலர் வேறு வரிசை வைத்திருப்பார்கள். புது பிராண்டு எடுக்கும்போதே குறியீட்டு விளக்கத்தை விநியோகஸ்தரிடம் எழுத்தில் வாங்கி ரேக்கில் ஒட்டிவிடுங்கள்.

அப்புறம் மல்டிமீட்டர். விலை உயர்ந்த டெஸ்டர் இருந்தால் நல்லது, ஆனால் ஆரம்பத்துக்கு இரண்டு தசம இலக்கம் காட்டும் சாதாரண டிஜிட்டல் மீட்டரே போதும். 12 வோல்ட் பேட்டரி முழு சார்ஜில் 12.6 வோல்டுக்கு மேல் காட்டும். 12.4-க்குக் கீழே இறங்கினால் அன்றே சார்ஜில் போடுங்கள். சார்ஜரைக் கழற்றியதும் அளந்தால் 13-க்கு மேல் காட்டும், அது பொய்க்கணக்கு. ஓர் இரவு விட்டு மறுநாள் அளந்து, தேதியோடு சேர்த்துப் பேட்டரி மேல் எழுதி ஒட்டுங்கள். சார்ஜில் நின்றவை மறுநாளே 12.4-க்குக் கீழே போனால் அதை விற்பனை வரிசையிலிருந்து எடுத்துவிடுவதுதான் சரி. பழசு என்பதால் முதலில் தள்ளிவிடப் பார்க்காதீர்கள்.

சிமெண்டுத் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்ற பேச்சு இன்றைய பிளாஸ்டிக் பெட்டிகளுக்குப் பொருந்தாது. தரையில் வைக்காமல் இருப்பதற்கு ஈரம், அழுக்கு, இடறல் என்று வேறு காரணங்கள் உண்டு.

பின்சேர்க்கை

K என்ற எழுத்து நவம்பரா அக்டோபரா என்று ஒருவர் கருத்துப் பகுதியில் கேட்டிருந்தார். இரண்டும் சாத்தியம். I எழுத்து 1 போலத் தெரிவதால் சிலர் அதை விட்டுவிடுவார்கள். அப்போது J செப்டம்பர், K அக்டோபர், டிசம்பர் M-இல் முடியும். உங்கள் பிராண்டின் பெட்டிகளில் எங்காவது M கண்ணில் பட்டால் I விடப்பட்டிருக்கிறது, I கண்ணில் பட்டால் விடப்படவில்லை. இரண்டுமே கிடைக்காத வரை, H-க்குப் பிந்தைய எழுத்துகளை முந்தைய மாதமாகவே கணக்கில் எடுங்கள். ஒரு மாதம் முன்பே சோதிப்பதால் நஷ்டம் எதுவும் இல்லை.